மெனோபாஸ் மாத்திரையும் எலும்புக்கான கால்சியமும்: தனித்தனியாகப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 51 வயது, மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ராத்திரி உடம்பு எரிந்து வேர்த்து ஊத்துகிறது. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறார். பிளாக் கோஹோஷ், சோயா ஐசோஃப்ளேவோன், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் சேர்ந்த மாத்திரை ஒன்று ஆன்லைனில் பார்த்தேன். வாங்கிக் கொடுக்கலாமா?

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இந்தக் கலவை மாத்திரையை வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். எரிச்சலும் வேர்வையும் ஒரு பிரச்சினை, எலும்பு வேறு பிரச்சினை. இரண்டையும் ஒரே மாத்திரையில் அடக்கினால் கால்சியத்துக்கு அதில் இடம் இருக்காது.

பிளாக் கோஹோஷ் வட அமெரிக்காவில் வளரும் ஒரு செடியின் வேர். 2012-ல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எரிச்சலைக் குறைக்கிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. அரிதாகச் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. ஈரல் நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, பசி அற்றுப்போனாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

சோயா ஐசோஃப்ளேவோன் என்பது சோயா பயறில் உள்ள, பெண் ஹார்மோன் போலக் கொஞ்சம் வேலை செய்யும் பொருள். அது சிலருக்கு எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம், அதுவும் வாரக்கணக்கில் சாப்பிட்ட பிறகு. எலும்புக்கு அதை நம்ப முடியாது. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தினமும் 200 மில்லிகிராம் வீதம் 2 வருடம் கொடுத்தும் எலும்புத் தேய்மானம் குறையவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடக் கூடாது.

அப்புறம் கால்சியம். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். முக்கூடல் பக்கத்திலிருந்து எங்கள் கடைக்கு வரும் ஒரு அக்காவைச் சொல்கிறேன். பீடி சுற்றுகிறவர், நாள் முழுக்க வீட்டு நிழலில்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் தைராய்டு உண்டு. டாக்டர் கால்சியமும், வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் எட்டும் எழுதியிருந்தார். எட்டே நாளில் திரும்பி வந்து, "பொடி தீர்ந்துட்டு, இன்னும் எட்டு தாங்கம்மா" என்றார். இரண்டு மாதத்துக்கு உள்ளதைத் தினம் ஒன்றாகக் குடித்திருக்கிறார். பொடியைக் கொடுக்காமல் டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். ரத்தத்தில் கால்சியம் பார்த்தார்கள், நல்லவேளையாக ஏறவில்லை. ஏறியிருந்தால் தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல், குழப்பம் என்று வரும், சிறுநீரகமும் கெடும்.

அதே அக்கா காலையில் தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு, மதியச் சோற்றுக்குப் பின் கால்சியம் என்று மாற்றச் சொன்னேன். உங்கள் அம்மாவுக்கும் இதே வரிசைதான்.

எவ்வளவு கால்சியம் வேண்டும் என்று அந்த அக்காவோடு சேர்ந்தே கணக்குப் போட்டோம். இந்த வயதில் சாப்பாடும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் தேவை. அவர் குடிக்கும் இரண்டு டீக்கான பாலில் 240 கிடைக்கும், ஒரு கிண்ணம் தயிரில் 150, கேழ்வரகுக் கஞ்சியில் 100, கீரை, நெத்திலி மற்றதெல்லாம் சேர்த்து இன்னொரு 150. ஆக 640. குறைவது 500 பக்கம், ஒரு மாத்திரை போதும். ஆனால் அட்டையை ஊன்றிப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500-தான். 500 என்பது கார்பனேட்டின் எடையாக இருந்தால் உள்ளே 200-தான். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாகச் சேரும். அமிலம் குறைக்கும் கேஸ் மாத்திரை தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு சிட்ரேட் வகை பொருந்தும்.

கூட நாலு மாத்திரை போட்டால் எலும்பு இன்னும் உறுதியாகும் என்று நினைக்க வேண்டாம். 2006-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்த பெண்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. முன்பு கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

சரி, எரிச்சலுக்கு என்ன செய்ய? தூக்கமே கெடும் அளவுக்கு இருந்தால் பெண்கள் நல டாக்டரிடம் காட்டுங்கள். ஹார்மோன் சிகிச்சையும் ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. எது பொருந்தும் என்று அம்மாவின் ரத்த அழுத்தம், மார்பகம், ரத்தக்கட்டு வரலாறு எல்லாம் பார்த்துச் சொல்வார்கள். தைராய்டு அளவு கூடினாலும் இப்படி வேர்க்கும் என்பதால் டிஎஸ்ஹெச் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.