“பொம்மையைத் தூங்கிட்டேன்” என்று சொல்லும் குழந்தை

“என் மகளுக்கு மூன்றரை வயது. ‘பொம்மையைத் தூங்கிட்டேன்’ என்கிறாள். எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லை. பேச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஒருவர், இது ‘தூண்டல் வறுமை’, பட அட்டைகளும் வீடியோக்களும் வாங்குங்கள் என்கிறார். இன்னொருவர், மொழி பிறவியிலேயே உண்டு, சும்மா விடுங்கள் என்கிறார். யாரை நம்புவது?”

முதலாமவரிடம் எதையும் வாங்காதீர்கள். ‘தூண்டல் வறுமை’ என்பது நோயும் இல்லை, உங்கள் வீட்டில் பேச்சு குறைவு என்ற குற்றச்சாட்டும் இல்லை. அது மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் வாதம்: காதில் விழும் பேச்சிலிருந்து கிடைப்பதைவிடக் குழந்தைக்கு மொழி அதிகம் தெரிகிறது. நாள் முழுக்கப் பேச்சைக் கேட்டு வளரும் குழந்தைக்கும் அது பொருந்தும்.

வாதத்தைத் தமிழிலேயே பார்க்கலாம். இறங்கு என்றால் இறக்கு, மடங்கு என்றால் மடக்கு, மயங்கு என்றால் மயக்கு. அப்படியானால் தயங்கு என்பதற்கு ‘தயக்கு’ வர வேண்டும். ஆனால் ‘அவன் என்னைத் தயக்கினான்’ என்று நாம் யாரும் சொல்வதில்லை. அது தப்பு என்று உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? யாருமில்லை. ஒரு சொல்லைக் கேட்டதில்லை என்பதாலேயே அது தப்பாகிவிடாது. கேட்டிராத எத்தனையோ வாக்கியங்களை நாம் தாராளமாகச் சொல்கிறோம். பெற்றோரும் இலக்கணத்தைப் பெரிதாகத் திருத்துவதில்லை. ரோஜர் பிரவுனும் கேமில் ஹான்லனும் 1970இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார்கள் ஆமோதித்ததும் மறுத்ததும் பெரும்பாலும் குழந்தை சொன்னது உண்மையா என்பதைப் பார்த்துத்தான், வாக்கியம் சரியா என்று பார்த்து அல்ல. காதில் விழுவது மட்டும் போதாது, மீதி பிறவியில் இருக்க வேண்டும் என்பது சாம்ஸ்கி தரப்பின் முடிவு.

குழந்தை மொழியைக் கேட்டும் பயன்படுத்தியுமே கற்கிறது என்னும் மைக்கேல் டோமசெல்லோ போன்ற பயன்பாட்டு அணுகுமுறைக்காரர்கள் இதை ஏற்பதில்லை. குழந்தை ஒவ்வொரு வினைச்சொல்லையும் முதலில் தனித்தனியாகப் பிடிக்கிறது, பொது விதி மெல்லத்தான் உருவாகிறது என்கிறார்கள். ‘தயக்கினான்’ என்று வரக்கூடிய இடத்தில் எல்லாம் ‘தயங்க வைத்தான்’ என்றே காதில் விழுகிறது. இருக்கையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், புதியவருக்கு இடமில்லை. உங்கள் மகளின் வினை இன்னும் வேடிக்கை: தூங்கு என்பதை அதே அச்சில் போட்டால் தூக்கு என்று வரும், அந்தச் சொல்லோ வேறு வேலைக்குப் போய்விட்டது. அதனால் அவள் ‘தூங்கு’ என்பதையே வைத்து ஒப்பேற்றுகிறாள்.

இந்த ‘இடம் பிடித்தல்’ உடனே நடப்பதில்லை. பாட்ரிசியா புரூக்ஸும் டோமசெல்லோவும் 1999இல் புனைந்த வினைச்சொற்களைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். நம் ‘தூங்க வை’ போன்ற மாற்று வடிவத்தையும் கேட்ட குழந்தைகள் இந்த மாதிரித் தவறைக் குறைவாகச் செய்தார்கள், ஆனால் அந்த விளைவு நாலரை வயதிலும் அதற்கு மேலும்தான் தெரிந்தது. அவர்கள் ஆங்கிலம் பேசும் குழந்தைகள். இருந்தாலும் மூன்றரை வயதில் திருத்தம் ஏறாததற்குக் கவலைப்பட வேண்டாம் என்பதற்கு இது போதும். அரிதாகக் கேட்கும் வினைகளில் இந்த விளக்கம் கொஞ்சம் தள்ளாடுகிறது என்பது என் கருத்து. சரி, அது இந்தத் துறையில் இருக்கும் எங்கள் சண்டை.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன விஷயம். ‘தப்பு, திரும்பச் சொல்லு’ என்காதீர்கள். ‘ஓ, பொம்மையைத் தூங்க வச்சிட்டியா? எப்போ எழுப்புவே?’ என்று பேச்சைத் தொடருங்கள். சரியான வடிவம் அதே இடத்தில், அதே பொருளில் அவள் காதில் விழுகிறது. அட்டையால் இது முடியாது, ஏனென்றால் அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அட்டைக்குத் தெரியாது. வீடியோவும் அப்படித்தான். பாட்ரிசியா குல் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் 12 அமர்வுகளில் நேரில் பேசியவரிடமிருந்து மாண்டரின் சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்தார்கள். அதையே திரையில் பார்த்தவர்கள் பிடிக்கவில்லை.

‘சும்மா விடுங்கள்’ என்றவர் பாதி சரி. ஆனால் ஒரு விதிவிலக்கை அவரிடம் சொல்லுங்கள். தூண்டல் உண்மையிலேயே வறண்டுபோவது காது கேளாத குழந்தைக்குத்தான். கைமொழி தெரியாத, காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த அத்தகைய குழந்தைகள் தாங்களாகவே சைகைகளை உருவாக்கி, அவற்றை ஓர் ஒழுங்கில் அடுக்குவதை சூசன் கோல்டின்-மெடோ காட்டியிருக்கிறார். பிறவித் தரப்பின் பலமான சான்று இது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டுச் சைகை ஒரு முழு மொழியின் அளவுக்கு வளர்வதில்லை. அதற்குக் கைமொழி பேசும் ஆட்கள் வேண்டும், அதுவும் சின்ன வயதிலேயே. ‘தானாக வரும்’ என்று காத்திருந்தால் அந்தக் குழந்தை இழக்கும் வருடங்கள் திரும்பி வராது.

உங்கள் மகள் வாக்கியமாகப் பேசுகிறாள், அதனால் அந்த அச்சம் இங்கே குறைவு. இருந்தாலும் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், அட்டை வாங்கும் காசுக்குக் காதுப் பரிசோதனை செய்துவிடுங்கள். என்னிடம் வரும் கோப்புகளில் சொற்களை எண்ணிப் பக்கம் பக்கமாக நிரப்பியிருப்பார்கள், ‘தூண்டல் போதாது’ என்று முத்திரையும் குத்தியிருப்பார்கள். செவித்திறன் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கும்.