டேங்க் நிரம்பி வழிகிறது: ஃப்ளோட் சுவிட்சா, டைமரா? (கேள்வி பதில்)

கேள்வி: தினமும் மோட்டாரைப் போட்டுவிட்டு வேறு வேலையில் மறந்துவிடுகிறேன். மேலிருந்து கொட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஓடுகிறேன். டைமர் வாங்கலாமா, ஃப்ளோட் சுவிட்சா? கரண்ட் பில் எவ்வளவு குறையும்?

பதில்: மோட்டாரை நிறுத்துகிற வேலையை ஃப்ளோட்டிடம் கொடுங்கள். அது தொட்டிக்குள் வயரில் தொங்கும் மிதவை, தண்ணீர் ஏறி அதைத் தூக்கினால் உள்ளே இருக்கும் சுவிட்ச் மோட்டாரை வெட்டும். டைமருக்கு மணி தெரியும், தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாது. நேற்று தொட்டி காலியாக இருந்திருக்கும், இன்று பாதி இருக்கும். இரண்டு நாளும் டைமர் ஒரே நேரம்தான் ஓடவிடும்.

பில்லைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் உங்கள் மோட்டார் எவ்வளவு ஏற்றுகிறது என்று பாருங்கள். மேலே தொட்டிக்குள் விழும் குழாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். 30 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர். 1000 லிட்டர் தொட்டி காலியாக இருந்தால் 25 நிமிடத்தில் நிறையும். 1 எச்.பி. மோட்டார் இழுப்பது ஏறத்தாழ 1.1 கிலோவாட். தினமும் 15 நிமிடம் வீணாக ஓடினால் மாதத்துக்கு 8 யூனிட் சொச்சம்தான் போகும். ஆனால் அதே 15 நிமிடத்தில் நாளுக்கு 600 லிட்டர், மாதத்துக்கு 18,000 லிட்டர் தண்ணீர் கொட்டிப் போகிறது. என்னைப் பொறுத்தவரை ஃப்ளோட் போடுவதற்கு முதல் காரணம் தண்ணீர். மின்சாரம் அதற்கு அடுத்ததுதான்.

கேள்வி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். எங்கள் வீட்டில் 25 நிமிடம் டைமர் வைத்து ரொம்ப நாளாக ஓட்டுகிறோம், ஒரு சொட்டு வழிந்ததில்லை. ஃப்ளோட்தான் மாட்டிக்கொண்டு நிற்கும், காண்டாக்ட் கருகும். டைமரில் அந்தத் தொல்லை கிடையாது.

பதில்: ஃப்ளோட் கெடும் என்று சொன்னீர்களே, அது சரி. வயர் உள்ளே வரும் குழாயில் சுற்றிக்கொண்டால் மிதவை எழும்பாது. உள்ளே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டால் மிதவை எழும்பினாலும் மோட்டார் நிற்காது. ஆனால் உங்கள் வீட்டில் வழியாததற்குக் காரணம் டைமர் மட்டும் இல்லை. தினமும் ஒரே அளவு செலவழித்து, தொட்டி கிட்டத்தட்ட காலியான பிறகே மோட்டார் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லோரும் இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து அதே டைமரைத் திருப்பிப் பாருங்கள், தெரிந்துவிடும். மறுபக்கமும் உண்டு. வோல்டேஜ் குறைந்தாலோ, கிணற்றில் தண்ணீர் இறங்கினாலோ அதே 25 நிமிடத்தில் முக்கால் தொட்டிதான் நிறையும்.

நான் போடுவது இரண்டையும், தொடர் இணைப்பில். ஃப்ளோட், டைமர் இரண்டும் 'ஓடலாம்' என்று சொன்னால்தான் மோட்டார் ஓடும், எது முதலில் வெட்டினாலும் நிற்கும். டைமர் என்றால் மணிக்கணக்கில் தானாகப் போடுகிற கடிகார டைமர் இல்லை. மோட்டார் ஓடத் தொடங்கியதிலிருந்து எண்ணி, குறித்த நேரத்தில் வெட்டுகிற வகை. வெட்டிய பிறகு ஆள் வந்து மீண்டும் போட்டால்தான் ஓட வேண்டும், தானாக மறுபடி எண்ணத் தொடங்குவது உதவாது. காலித் தொட்டி 25 நிமிடத்தில் நிறைந்தால் டைமரை 35 நிமிடத்தில் வைப்பேன். அப்படி வைத்தால் நாள்தோறும் மோட்டாரை நிறுத்துவது ஃப்ளோட்டாகத்தான் இருக்க வேண்டும். ஒருநாள் டைமர் வெட்டியிருந்தால் ஏதோ பழுது என்று அர்த்தம். மேலே போய்ப் பாருங்கள். தொட்டி வழிந்திருந்தால் ஃப்ளோட் கெட்டிருக்கிறது. நிறையாமல் இருந்தால் உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கும் ஃபுட் வால்வு, வோல்டேஜ், கிணறு என்று கீழே தேட வேண்டும்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டிலும் இதே டேங்க் பிரச்சினைதான். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலும் தொட்டி பாதிகூட ஏறுவதில்லை. முன்பு அரை மணியில் நிறையும். ஃப்ளோட் சுவிட்ச் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது தம்பி, இன்னும் மோசமாகும். மேல் தொட்டி ஃப்ளோட், தண்ணீர் அதன் உயரத்துக்கு வந்தால் மட்டும்தான் மோட்டாரை நிறுத்தும். தண்ணீரே ஏறவில்லை என்றால் நாள் முழுக்க ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். ஃப்ளோட் இருக்கிறதே என்ற தைரியத்தில் நீங்களும் போய்ப் பார்க்க மாட்டீர்கள். பம்ப் உள்ளே தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சீல் சூடாகிக் கருகிவிடும். இந்த இடத்தில்தான் முன்பு சொன்ன 35 நிமிட டைமர் ஓரளவு காப்பாற்றும். ஓரளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், முழுக்க வறண்டு ஓடும் பம்புக்கு 35 நிமிடமே அதிகம்.

தரைத் தொட்டியிலிருந்து ஏற்றுகிறீர்கள் என்றால் அதிலும் ஒரு ஃப்ளோட் போட்டு, தண்ணீர் குறைந்தால் வெட்டும்படி மேல் ஃப்ளோட்டோடு தொடரில் இணைக்க வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்பு ஃபுட் வால்வைக் கழற்றிப் பாருங்கள். மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் கீழே இறங்குகிற சத்தம் கேட்டால் பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: எதற்கு இவ்வளவு வயரும் செலவும்? மேலே பித்தளைப் பந்து வால்வு மாட்டினால் தானாக மூடிக்கொள்ளுமே?

பதில்: வழிவது நிற்கும், மோட்டார் நிற்காது. பந்து வால்வு குழாயை மூடிய பிறகும் பம்ப் அதே தண்ணீரை உள்ளேயே கலக்கிக்கொண்டு சுற்றும். அப்போது முழு ஓட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் இழுத்தாலும், இழுப்பதெல்லாம் வெப்பமாகத்தான் போகும். பம்ப் உடம்பைத் தொட்டால் சுடும், குழாய் இணைப்புகளில் அழுத்தம் ஏறிக் கசியும். பொதுக்குழாயிலிருந்து அழுத்தத்தில் தானாக வரும் தண்ணீருக்குப் பந்து வால்வு அருமையானது. மோட்டார் ஏற்றும் குழாயில் அதை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: நானே மாட்டப் போகிறேன். ஃப்ளோட்டில் மூன்று வயர் வருகிறது. மோட்டாரின் ஃபேஸ் வயரை நேராக அதன் வழியாக விட்டால் போதுமா? மோட்டார் 1 எச்.பி.தான்.

பதில்: ஓடும். எத்தனை நாள் ஓடும் என்பதுதான் கேள்வி. ஃப்ளோட்டின் மேல் 10(4) ஆம்பியர் அல்லது 16(8) ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். மோட்டாருக்குப் பார்க்க வேண்டியது அடைப்புக்குறிக்குள் உள்ள சிறிய எண். 1 எச்.பி. ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போதே 6, 7 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. 4 ஆம்பியர் காண்டாக்ட் அதைத் தாங்காது. கருகிப்போனாலாவது மோட்டார் கிளம்பாது, உங்களுக்குத் தெரிந்துவிடும். உருகி ஒட்டிக்கொண்டால் தொட்டி வழியும்போதுதான் தெரியும்.

அதனால் நடுவில் ஒரு கான்டாக்டர் போடுங்கள், காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் மோட்டாரின் பெரிய கரண்டைச் சேர்த்துவிடும் காந்த சுவிட்ச் அது. மோட்டார் கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போகட்டும், ஃப்ளோட் அதன் காயிலை மட்டும் இயக்கட்டும். முடிந்தால் காயில் சுற்றை 12 அல்லது 24 வோல்ட்டில் வையுங்கள். தண்ணீருக்குள் தொங்குகிற வயரில் 230 வோல்ட் இருப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். சுற்று எதுவானாலும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் கட்டாயம் இருக்கட்டும். தொட்டிக்குள் வயர் ஜாயின்ட் ஒன்றுகூடக் கூடாது.

மூன்று வயரில் பொதுவான ஒன்றும், மிதவை கீழே இருக்கும்போது இணையும் ஒன்றும் வேண்டும், மூன்றாவது வேண்டாம். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, மிதவையைக் கையில் கவிழ்த்துப் பாருங்கள். தொங்கும்போது பீப், நிமிர்த்தும்போது அமைதி. அந்த ஜோடிதான் உங்களுக்கு. ஃபேஸ், நியூட்ரல் குழப்பம் வந்தால் மட்டும் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஒரு ஓய்வுபெற்ற வயர்மேன் சேர்த்தது: ஸ்டார்ட்டர் பெட்டி ஏற்கெனவே இருந்தால் புதிதாகக் கான்டாக்டர் எதற்கு? சிவப்பு பட்டன் சுற்றில் ஃப்ளோட்டைத் தொடரில் கொடுத்துவிடலாம். பச்சையை அழுத்தி ஓட்டுவோம், நிறைந்ததும் தானே விழுந்துவிடும். எத்தனையோ வீட்டில் இப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

பதில்: அய்யா சொல்வது சுத்தமான வழி. ஸ்டார்ட்டர் உள்ளவர்கள் இதையே செய்யுங்கள். இன்னொரு நன்மை, கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பாது. தானாகப் போடவும் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

கேள்வி: போன மாதம் ஃப்ளோட் மாட்டினோம், தானாகப் போட்டுத் தானாக நிற்கும் வகை. வழிவதில்லை, ஆனால் யாராவது குளித்தால்கூட மோட்டார் கிளம்பி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இது சரியா?

பதில்: சரியில்லை. மோட்டாருக்கு ஓடுவதைவிடக் கிளம்புவதுதான் பாரம். 1 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 10 செ.மீ. உயரம் என்றால் ஏறத்தாழ 80 லிட்டர், உங்கள் இரண்டு நிமிடம் அதுதான். ஃப்ளோட் வயரில் ஓர் எடை கோத்திருப்பார்கள், மிதவை அதை மையமாக வைத்துத்தான் மேலும் கீழும் சாயும். எடைக்கும் மிதவைக்கும் இடையே வயர் நீளத்தைக் கூட்டினால் போடும் மட்டத்துக்கும் நிறுத்தும் மட்டத்துக்கும் இடைவெளி கூடும். நீர்மட்ட வித்தியாசம் 40, 50 செ.மீ. வரும்வரை நகர்த்திப் பாருங்கள். அப்போது ஒரு முறை கிளம்பினால் எட்டு, பத்து நிமிடமாவது ஓடும். வயரை நீட்டும்போது மிதவை சுவரில் உரசாமலும், தண்ணீர் விழும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலும் இருக்க வேண்டும். மோட்டார் நிற்கும் மட்டம் வழிகுழாய்க்கு ஒரு கையகலம் கீழே இருக்கட்டும்.

கேள்வி: இரண்டு தொட்டி, ஒரே மோட்டார். அடியில் குழாய் போட்டு இரண்டையும் இணைத்திருக்கிறோம். ஃப்ளோட்டை எதில் போடுவது? இரண்டு தொட்டியும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று கொஞ்சம் மேடு.

பதில்: ஒரே மட்டத்தில் இருந்தால் தண்ணீர் விழும் தொட்டியில் போடுங்கள் என்று சொல்லிவிடுவேன். இணைப்புக் குழாய் சிறியதாக இருந்தால் மற்றது மெதுவாகத்தான் ஏறும், அதனால் விழும் தொட்டிதான் முதலில் வழியும். உயர வித்தியாசம் இருப்பதால் இங்கே அப்படிச் சொல்ல முடியவில்லை. தாழ்ந்த தொட்டியின் வழிகுழாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, நின்ற பிறகு அதற்கு மேல் இரண்டிலும் தண்ணீர் தங்காது. அந்த மட்டத்தில் மேட்டுத் தொட்டியில் எவ்வளவு நிற்கும்? தண்ணீர் விழுவது எதில்? இணைப்புக் குழாய் என்ன அளவு? மூன்றையும் அளந்து எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஃப்ளோட் போட்டுத் தொடரில் கொடுத்தால் மோட்டார் ஓடும்போது எதுவும் வழியாது. மேட்டுத் தொட்டி பாதியிலேயே நின்றுவிடுமா, மோட்டார் நின்ற பிறகு மேட்டுத் தொட்டித் தண்ணீர் இறங்கித் தாழ்ந்த தொட்டி வழியுமா என்பதுதான் அளவு தெரியாமல் சொல்ல முடியாதது.