முகத்துக்கு ஆவி: காரைக்குடி ஆச்சியின் பதில்கள்

(ஆச்சி 20 ஆண்டுகளாக அழகு நிலையம் நடத்துபவர்.)

கானாடுகாத்தானிலிருந்து ஒரு மருமகள்: மஞ்சள், ஆவாரம்பூ எல்லாம் போட்டு ஆவி பிடிக்கிறேன், முகம் பொன்னாகவில்லையே ஆச்சி?

மஞ்சளின் நிறம் ஆவியோடு ஏறாது அம்மா, சட்டியிலேயே தங்கிவிடும். ஆவாரம்பூவின் நிறமும் அப்படித்தான். மேலே வருவது மணமுள்ள இலைகளின் எண்ணெய்தான். ஒரு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு கைப்பிடித் துளசியைக் கசக்கிப் போட்டு, 5 நிமிடம் மூடி வையுங்கள். முதலிலேயே இலையைப் போட்டுக் கொதிக்கவிட்டால் மணமெல்லாம் அடுப்படியோடு போய்விடும். உண்மையில் வேலை செய்வது ஈரச்சூடுதான், இலை அதற்குத் துணை.

தேவகோட்டை, கல்லூரி மாணவன்: போர்வைக்குள் 20 நிமிடம் வியர்த்தால்தான் துவாரம் திறக்கும் என்கிறார் அப்பத்தா. சரிதானே?

பாதி சரி, தம்பி. தோலில் அடைத்திருக்கும் எண்ணெய் சூட்டில் இளகும். ஆனால் துவாரம் கதவுபோலத் திறந்து மூடாது. முதல் முறை 5 நிமிடம் போதும், பழகினாலும் 10-ஐத் தாண்ட வேண்டாம். வாரம் ஒருமுறை போதும். மேசையில் சட்டியை வைத்து, கண்ணை மூடி, ஒரு முழம் தள்ளிக் குனியுங்கள். ஆவி படவில்லையென்றால் மெல்ல நெருங்கலாம், ஓர் அடிக்குள் மட்டும் போகக் கூடாது. நம் மாநிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. சுரீரென்று எரிந்தாலே முகத்தை எடுத்துவிடுங்கள். பிறகு சாதாரணத் தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள்.

பள்ளத்தூர்: பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு. ஆவி பிடித்தால் மறையுமா?

உங்களுக்கு ஆவியே வேண்டாம். மங்கு சூட்டுக்கும் வெயிலுக்கும் கருக்கும். வாரம் மூன்று முறை என்று ஒரு மாதம் ஆவி பிடித்த பெண் ஒருவர் என்னிடம் வந்தார். மூக்குத்தண்டிலும் மேலுதட்டிலும் இல்லாத நிழல் புதிதாக விழுந்திருந்தது. அதே மாதம் அவர் மாசி வெயிலில் கோயில் கோயிலாகச் சுற்றியிருந்தார், அதனால் குற்றம் இரண்டில் எதன்மேல் என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆவியை நிறுத்தச் சொல்லி, தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். கன்னம் அடிக்கடி சிவந்து காந்துகிறவர்கள், கரப்பான் உள்ளவர்கள், சீழ்வைத்த பரு நிறைய உள்ளவர்கள், வெயிலில் தோல் கன்றியவர்கள், பருவுக்கு ரெட்டினால் வகைக் களிம்பு பூசுபவர்களும் தள்ளியே இருங்கள்.

கோட்டையூர் அப்பத்தா: நாலு வயதுப் பேரனுக்குச் சளி. நொச்சி போட்டுப் பிடிக்கலாமா?

நாங்கள் பேசுவது முக அழகுக்கு, அப்பத்தா. சளி என்றாலும் அந்த வயதுக்குக் கொதிநீர்ச் சட்டி வேண்டாம், குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். என் தங்கை மகள் வளவுத் தரையில் வைத்திருந்த ஆவிச்சட்டியை ஓடிவந்து தட்டிவிட்டாள், தொடை வெந்துபோனது. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டுத்தான் மருத்துவமனைக்குத் தூக்கினோம். அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஆவிச்சட்டி மேசையின் நடுவில்தான், கதவும் தாழிட்டுத்தான்.