ஆண்டு இறுதி ரிசர்வ்: 1000-ஆல் வகுக்காதீர்கள், 990-ஆல் வகுங்கள்

ஆக்சுவரி படிப்பில் ஏசிஇடி நுழைவுத் தேர்வைத் தாண்டி சிஎம்1 பாடத்துக்கு வரும் மாணவர்கள் பலர், இனி வரும் இறப்புத் தொகைக்காகக் கையில் வைத்திருக்க வேண்டிய நிகர பிரீமியம் ரிசர்வில்தான் திணறுகிறார்கள். சூத்திரம் மனப்பாடமாக இருந்தும் விடை தப்புகிறது என்றால், சூத்திரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஆட்களை எண்ணிப் பாருங்கள், தம்பி.

ஒரே வயதுள்ள 1000 பேர் மூன்றாண்டு டெர்ம் பாலிசி எடுக்கிறார்கள். காப்புத் தொகை தலைக்கு 1,00,000 ரூபாய். இறப்பு நேர்ந்த ஆண்டின் முடிவில் கொடுக்கப்படும். பிரீமியம் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்தில். வட்டி 5%. இறப்பு விகிதம் முறையே 0.01, 0.02, 0.03. (கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்ட விகிதங்கள் இவை.) செலவு, கமிஷன் எதையும் சேர்க்காமல் இறப்புத் தொகைக்கு மட்டும் ஈடாகும் பிரீமியம் 1864.28 ரூபாய். இதுதான் நிகர பிரீமியம்.

முதல் ஆண்டுத் தொடக்கத்தில் வசூல் சுமார் 18,64,276 ரூபாய். வட்டி சேர்ந்து ஆண்டு முடிவில் 19,57,490. பத்துப் பேர் குடும்பத்துக்கு 10 லட்சம் போய்விட்டது. மிச்சம் 9,57,490. இதை உயிரோடு இருக்கும் 990 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 967.16. முதலாண்டு இறுதி ரிசர்வ் இதுவே. 957.49 என்று வந்தால் 1000-ஆல் வகுத்திருக்கிறீர்கள்.

முதலாண்டு முடிவில் நின்றுகொண்டு இன்னொரு வழியிலும் சரிபாருங்கள். தலைக்கு இனி வரக்கூடிய இறப்புத் தொகையின் அன்றைய மதிப்பு 4571.43, இனி வரவேண்டிய பிரீமியங்களின் அன்றைய மதிப்பு 3604.27. கழித்தால் அதே 967.16. இரண்டாம் ஆண்டு பிரீமியம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை ரிசர்வில் கூட்டிவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் அடுத்த தவறு.

சிஎம்1-இன் கணினித் தாளில் இதையே எக்செலில் செய்ய வேண்டிவரும். B1-இல் பிரீமியம் 1864.276, C3 முதல் இறப்பு விகிதம், E2-இல் தொடக்க ரிசர்வ் 0 என்று வைத்து E3-இல் இதை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=((E2+$B$1)*1.05-100000*C3)/(1-C3)
```

967.16, 992.87, 0 என்று வரும். மூன்றாவதில் 0 வந்தே ஆக வேண்டும். முதிர்வுத் தொகை இல்லாத பாலிசி இது. சேமிப்புத் திட்டம்போல ஏறிக்கொண்டே போகாது. முன்பு இறப்பு விகிதம் குறைவாக இருந்தபோது கூடுதலாகக் கட்டியது, கடைசி ஆண்டின் பற்றாக்குறைக்குக் கரைகிறது. கடைசியில் மைனஸ் 96 காசு வந்தால் பயப்படாதீர்கள்: பிரீமியத்தை 1864 என்று முழு எண்ணாக்கியிருப்பீர்கள். பைசாவைத் திருப்பிச் சேருங்கள். நூற்றுக்கணக்கில் விலகினால் மட்டும், வட்டியை பிரீமியத்துக்கும் சேர்த்துப் போட்டீர்களா என்று பாருங்கள்.