ஒரே அறிக்கைக்குள் இரண்டு எண்கள் முரண்பட்டால் எதை எழுதுவது?

கேள்வி: ஒரே அறிக்கையில் சுருக்கத்தில் ஒரு எண்ணும் அட்டவணையில் வேறொரு எண்ணும் இருக்கிறது, எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும் எழுதுங்கள், எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதோடு. ஒரே ஆவணம் ஒரே விஷயத்துக்கு இரண்டு விடை சொல்வதைத்தான் உள்முரண் என்கிறோம். ஒன்றை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்துவிட்டால் முரண் இருந்ததே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும், உங்கள் ஊகம் மூலத்தின் கூற்றாகிவிடும். ஒரே அறையில் இரண்டு கடிகாரம் வேறு வேறு நேரம் காட்டினால், ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்பவரை நம்பி எப்படிக் கிளம்புவது?

உதாரணமாக, சுருக்கத்தில் 1,240 பேர், அட்டவணையின் வரிசைகளைக் கூட்டினால் 1,204 என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டும் ஒரே தேதியை, ஒரே குழுவைத்தான் சொல்கின்றனவா என்று அடிக்குறிப்பைப் பாருங்கள். பல முரண்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லையா, வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். இங்கே 36, மீதியின்றி வகுபடுகிறது. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் இப்படித்தான் வரும். ஆனால் இது தடயம்தான், எது சரி என்று இது சொல்லாது. அப்புறம் இப்படி எழுதலாம்: "சுருக்கம் 1,240 என்கிறது, அட்டவணையின் கூட்டுத்தொகை 1,204, காரணம் அறிக்கையில் இல்லை. கீழுள்ள கணக்குகளுக்கு அட்டவணையைப் பயன்படுத்தியுள்ளேன்."

இரண்டுக்கும் சராசரி எடுத்து 1,222 என்று போடுவதை நடுநிலை என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அந்த எண் மூலத்தில் எங்குமே இல்லை.