ராஜினாமா மெயிலில் ஒரே ஒரு தேதி

வணக்கம் அண்ணா,

சென்னைக் கம்பெனி ஒன்றில் 2021 ஆகஸ்ட் 16-ல் சேர்ந்தேன். இப்போது திருப்பாதிரிப்புலியூர் வீட்டிலிருந்துதான் வேலை. இனி முழு நேரமும் ஃப்ரீலான்ஸ் என்று முடிவு செய்துவிட்டேன். மே 4, திங்கட்கிழமை ராஜினாமா மெயில் அனுப்பப் போகிறேன். 90 நாள் நோட்டீஸை ஒரு நாள் குறையாமல் முடித்துக் கொடுப்பேன். காரணத்தையெல்லாம் விளக்கி ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சரியா? நோட்டீஸ் காலத்தில் ராத்திரியில் என் முதல் கிளையன்ட் வேலையைத் தொடங்கலாமா?

க., கடலூர்

அன்புள்ள க.,

ஒன்றரைப் பக்கத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் காலண்டரை எடுங்கள்.

மே 4-ல் மெயில் போனால், மறுநாளிலிருந்து எண்ணி 90-வது நாள் ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் சேர்ந்து 5 வருடம் முடிவது ஆகஸ்ட் 15. பதின்மூன்று நாள் இடிக்கிறது. வேலையை விடும்போது கம்பெனி மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடையான கிராஜுவிட்டிக்குச் சட்டம் கேட்பது 5 வருடத் தொடர் பணி. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொண்டால் 40,000 × 15 ÷ 26 × 5, கிட்டத்தட்ட 1,15,385 ரூபாய். ஃப்ரீலான்ஸில் முதல் சில மாதம் பணம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். இதை விட்டுவிடாதீர்கள்.

மே 20 அன்று அனுப்பினால் 90-வது நாள் ஆகஸ்ட் 18, செவ்வாய். நோட்டீஸ் நாட்களும் பணியில்தான் சேரும். ஆகவே பதினாறு நாள் பொறுத்தால் போதும். நாலு வருடமும் 240 நாளும் ஆனாலே உண்டு என்று நண்பர்கள் சொல்வார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொன்னது உண்மைதான். ஆனால் கம்பெனி கைவிரித்தால் அதிகாரியிடம் மனுப் போட்டு அலைய வேண்டியவர் நீங்கள்.

அதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தில் இரண்டு வரி தேடுங்கள். நோட்டீஸ் எந்த நாளிலிருந்து ஓடும்: மெயில் போன நாளா, அவர்கள் ஏற்ற நாளா? நோட்டீஸ் பணத்தைக் கொடுத்து உங்களை முன்கூட்டியே அனுப்ப அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? அந்த உரிமை இருந்தால் மே 20-ம் உறுதியில்லை. ஜூலையிலேயே அனுப்பிவிட்டால் சிக்கல். அப்படிப்பட்ட ஷரத்து இருந்தால் நானாக இருந்தால் ஆகஸ்ட் 17 அன்றுதான் மெயில் அனுப்புவேன். நோட்டீஸில் லீவு எடுத்தால் கடைசி நாளைத் தள்ளிப் போடும் கம்பெனிகளும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மெயில். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சாரம் இவ்வளவு போதும்:

"என் பணியை ராஜினாமா செய்கிறேன். நியமனக் கடிதப்படி 90 நாள் நோட்டீஸ் நாளையிலிருந்து தொடங்குகிறது. என் கடைசி வேலை நாள் 2026 ஆகஸ்ட் 18. சொந்தமாகத் தொழில் தொடங்க இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ளவற்றை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னால் இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். மெயில் கிடைத்ததையும் கடைசி நாளையும் பதிலில் உறுதி செய்யுங்கள்."

காரணத்துக்கு அந்த ஒரு வரி போதும். அதுவும் எதற்கென்றால், எழுதாவிட்டால் "எந்தக் கம்பெனி, எவ்வளவு ஆஃபர்" என்று மேனேஜர் வாரக்கணக்கில் பேரம் பேசுவார். மேனேஜர் மேல் உள்ள குறை, அப்ரைசல் வருத்தம் எதுவும் வேண்டாம். அந்த மெயில் உங்கள் ஃபைலில் கிடக்கும். நாளைக்கு அதே கம்பெனியே உங்களுக்கு ஒப்பந்த வேலை தரவும் கூடும்.

ராத்திரி வேலைக்கு என் பதில், கூடாது. கடைசி நாள் வரை நீங்கள் ஊழியர். வேறு வேலை செய்யக் கூடாது என்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும். அதைவிட எனக்குப் பயம் இன்னொன்றில்: பணிக்காலத்தில் எழுதும் புரோகிராம் கோடு கம்பெனிக்கே சொந்தம் என்ற வரி. அது எவ்வளவு அகலமாக எழுதப்பட்டிருக்கிறதோ, உங்கள் கிளையன்ட்டின் கோடு யாருடையது என்ற கேள்வியும் அவ்வளவு சிக்கலாகும். கம்பெனி லேப்டாப்பில் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். கிளையன்ட்டிடம் ஆகஸ்ட் 19-லிருந்து என்று சொல்லுங்கள். காத்திருக்க மாட்டேன் என்பவர் பின்னால் பில்லுக்கும் இழுத்தடிப்பார் என்பது என் அனுபவம்.

முத்தியால்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தபோது நானும் இப்படி ஒரு வேலையை விட்டேன். கடைசி நாளை மேனேஜர் போனில்தான் சொன்னார், "நீங்க சொன்ன தேதிதான் சார்" என்று. ஹெச்.ஆரோ, ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணினார்கள். ஒன்பது நாள் குறைவு என்று செட்டில்மென்ட்டில் பிடித்தார்கள். நிரூபிக்க மெயிலைத் தேடலாமென்றால் கம்பெனி ஐ.டி. அதற்குள் மூடப்பட்டிருந்தது. அதனால் ராஜினாமாவை அனுப்பும்போதே உங்கள் சொந்த முகவரியையும் சிசியில் சேர்த்துவிடுங்கள்.