முதல் சந்திப்புக்குப் பிறகு அனுப்பும் மெயில்: புதிய ஏஜென்ட்களின் கேள்விகளுக்குப் பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மருத்துவக் காப்பீடு விற்கப் புதிதாக வந்தவர்களுடையவை. நான் பார்க்கிற வேலையும் அதுதான் என்பதால் அதிலேயே நின்று பதில் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, டவுனில் ஒரு பாத்திரக்கடைக்காரரைப் பார்த்துப் பேசினேன், நல்லாத்தான் பேசினார், "விவரத்தை மெயில் போடுங்க, தேரோட்டம் முடிஞ்சு பார்ப்போம்" என்றார். நான் கம்பெனி பிரசுரத்தை இணைத்து அனுப்பிவிட்டேன். பத்து நாளாகப் பதில் இல்லை.

பதில் வராது தம்பி, ஏனென்றால் அந்த மெயிலில் அவர் பதில் சொல்ல ஒன்றுமே இல்லை. "விவரம் இணைத்துள்ளேன், பார்த்துச் சொல்லவும்" என்றால் எதைப் பார்த்து எதைச் சொல்வது? பதினாலு பக்கத்தை அவர் கல்லாவில் உட்கார்ந்து போனில் விரித்து விரித்துப் படிப்பாரா? ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி டவுனில் வியாபாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவர் சொன்னது சாக்கு இல்லை, நிஜம்தான். ஆனால் தேர் நிலைக்கு வந்த பிறகு எந்தக் கிழமை என்று நீங்கள்தான் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் தனியாக அனுப்பிய விவரத்தை வைத்து, நான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று தருகிறேன்.

> பொருள்: உங்கள் குடும்பத்துக்கு 10 லட்சம் மருத்துவக் காப்பீடு, சனிக்கிழமைக்குள் வேண்டியது இரண்டு
>
> வணக்கம் அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமை கடையில் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி.
>
> பேசியது: நீங்கள், மதினி, இரண்டு பிள்ளைகள், நாலு பேருக்கும் சேர்த்து 10 லட்சம். நான் காட்டிய 27,400 ரூபாய் பிரீமியம் உங்கள் சர்க்கரையைக் கணக்கில் எடுக்காமல் போட்டது. கம்பெனி பார்த்துவிட்டு அதைக் கூட்டலாம், பரிசோதனை கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.
>
> நீங்கள் சொன்னது: நாலு வருஷமாகச் சர்க்கரை, காலையில் ஒரு மாத்திரை. மதினிக்கு 2019இல் பித்தப்பை ஆபரேஷன். இதில் ஏதும் தவறு இருந்தால் திருத்துங்கள், படிவத்தில் இப்படியேதான் எழுத வேண்டும்.
>
> கவனிக்க வேண்டியது: சர்க்கரையால் வரும் சிகிச்சைக்கு இந்தத் திட்டத்தில் முதல் 36 மாதம் பணம் கிடைக்காது. விபத்து தவிர மற்ற எதற்கும் முதல் 30 நாள் கிடைக்காது.
>
> முடிவாகாதது: அம்மாவை இதிலேயே சேர்ப்பதா, தனியாக எடுப்பதா.
>
> வேண்டியது: கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி. போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். வந்துவிட்டால் திங்கள் காலை 11 மணிக்குப் படிவத்தோடு கடைக்கு வரட்டுமா?

இதில் கேள்வி ஒன்றுதான், அதுவும் கடைசி வரியில். "வாங்க" என்று ஒரு வார்த்தையில் அவர் பதில் போட்டுவிடலாம். அப்புறம் பிரீமியத்தைப் பற்றிய அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் சந்திப்பில் நாம் மொபைலில் தட்டிக் காட்டுகிற தொகை, வியாதி எதையும் கணக்கில் எடுக்காமல் வருவது. அது அவர் மனதில் விலை என்று பதிந்துவிடும், பிறகு சர்க்கரைக்காகக் கம்பெனி கூட்டும்போது நீங்கள் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்.

பிரசுரத்தை இணைக்காதீர்கள். அவர் கேட்டால் அனுப்பலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தங்கச்சி: சந்திப்பு முடிந்து எத்தனை நாள் கழித்து மெயில் போடலாம்? உடனே போட்டால் அவசரப்படுத்துவது போல் இருக்காதா?

அன்று சாயங்காலம், தப்பினால் மறுநாள் காலை. மாத்திரையின் பெயரை இரண்டு நாள் கழித்து எழுதும்போது உங்களுக்கே சந்தேகம் வரும்.

சுரண்டையிலிருந்து ஒருவர்: நானும் ஆறு வருஷமாக ஏஜென்ட்தான். சர்க்கரை, ஆபரேஷன் எல்லாம் மெயிலில் எழுதுவது தப்பு. நம்ம பக்கத்து வியாபாரிக்கு மெயில் ஐடி மகனுடையதாக இருக்கும், இல்லை கணக்குப்பிள்ளை பார்ப்பார். வீட்டுக்கே தெரியாத வியாதியை ஊருக்குச் சொன்ன கதையாகிவிடும். படிவத்தில் எழுதினால் போதாதா?

நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஐடி யாருடையது என்று கேட்காமல் உடம்பு விஷயத்தை எழுதக் கூடாது, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சந்திப்பு முடிந்து எழுந்திருக்கும் முன் "இந்த மெயிலை நீங்கதான் பார்ப்பீங்களா, உடம்பு விவரத்தை அதில் எழுதலாமா" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் "உடல்நலம் பற்றி நீங்கள் சொன்னது இரண்டும் படிவத்தில் வரும், திங்களன்று நேரில் சரிபார்ப்போம்" என்று மட்டும் எழுதலாம்.

ஆனால் "படிவத்தில் எழுதினால் போதும்" என்பதை ஏற்க மாட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், நாங்குநேரிப் பக்கம் ஒரு விவசாயி. திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது பிரஷர் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார், நானும் காதில் வாங்கினேன். எதையும் எழுதி அனுப்பவில்லை. ஒன்பது நாள் கழித்து அவர் தோட்டத்தில் நின்றபடி கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, வீட்டுக்கு வந்து படிவத்தை நான்தான் நிரப்பினேன், எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று. மறந்துபோனேன் என்பதுதான் உண்மை. மறு வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது பழைய மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கம்பெனி கிளைமை மறுத்துவிட்டது. அவர் மகன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எங்கப்பா உங்ககிட்ட சொன்னாரா இல்லையா?" சொன்னார் என்றேன். அதை வைத்து எந்தப் பயனும் இல்லை. அன்றைக்கு ராத்திரியே நாலு வரி எழுதி அனுப்பியிருந்தால், படிவம் நிரப்பும்போது அது என் கண்ணில் பட்டிருக்கும். அதற்காகத்தான் இந்த மெயில். புதியவர்களுக்கும் சொல்கிறேன், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள்.

சென்னைக் கம்பெனி ஒன்றில் கிளைம் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர், ஊர் கல்லிடைக்குறிச்சி: ஒரு திருத்தம். ஏஜென்ட்டுக்கு மெயிலில் சொன்னது கம்பெனிக்குச் சொன்னதாக ஆகாது. நாங்கள் பார்ப்பது படிவத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான். மெயிலே போதும் என்று புதியவர்கள் நினைத்துவிடப் போகிறார்கள்.

சரியான திருத்தம் ஐயா. மெயில் நம் நினைவுக்கும் அவர் திருத்துவதற்கும். படிவத்தில் ஏறாத எதுவும் கணக்கில் வராது. ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: மருத்துவக் காப்பீட்டில் தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தார் என்று சொல்லிக் கம்பெனி மறுக்க முடியாது. இதைக் காட்டி "அஞ்சு வருஷம் ஓட்டிட்டா சரியாயிடும்" என்று சொல்கிற ஏஜென்ட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அஞ்சு வருஷத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பார் என்று யார் எழுதிக் கொடுப்பது?

சுரண்டைக்காரர் மறுபடியும்: அண்ணாச்சி, நீங்கள் சொல்வதெல்லாம் படித்த வாடிக்கையாளருக்கு. "வேண்டாம் என்றும் சொல்லலாம்", "36 மாதம் கிடைக்காது" என்று முதல் மெயிலிலேயே எழுதினால் ஆள் பயந்து ஓடிவிடுவார். இதையெல்லாம் நேரில் பக்குவமாகச் சொல்லலாமே. என் அனுபவத்தில் பத்துப் பேரில் மூன்று பேர் இதனாலேயே போய்விடுவார்கள்.

போகட்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் புதிதாக வந்து முதல் வருஷம் ஓட்டுகிறவருக்கு அப்படிச் சொல்வது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும். நேரில் பக்குவமாகச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்ன பிறகு எழுதுங்கள். மெயிலில்தான் முதல் தடவையாகப் படிக்கிறார் என்றால் பயப்படத்தான் செய்வார், நேரில் கேட்டதைப் படிக்கிறவர் பயப்பட மாட்டார். பாலிசி ஆவணம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிவிடும் உரிமை அவருக்கு இருக்கிறது, அப்போது படித்துவிட்டுத் திருப்புவதைவிட இப்போதே போவது உங்களுக்கும் நல்லது.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி: எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது. என் வாடிக்கையாளர் ஒருவர், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். பாலிசி வீட்டுக்காரர் பெயரில்தான் எடுக்கப் போகிறோம். மெயில் அவருக்கே போகும்.

இதில் மெயில் எழுதவே எழுதாதீர்கள். படிவம் வீட்டுக்காரர் கையெழுத்தில்தான் போகும், அதில் தைராய்டு இருந்தாக வேண்டும், ஆகவே அவர் வீட்டில் சொல்லாமல் இந்தப் பாலிசி எடுக்க வழியில்லை. அந்த அம்மா தன் பெயரில் தனியாக எடுக்கலாம். இதை அவரிடம் மட்டும் நேரில் சொல்லிவிட்டு விடுங்கள். அவருக்காக நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. சுரண்டைக்காரர் இந்த இடத்தில் என்னைவிடச் சரியாக யோசித்திருக்கிறார்.

வள்ளியூரிலிருந்து: மெயில் எதற்கு, வாட்ஸப்பில் போட்டால் போதாதா?

அவர் வாட்ஸப்தான் பார்ப்பார் என்றால் அதிலேயே போடுங்கள், எழுத வேண்டியது அதேதான். ஆனால் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

தென்காசியிலிருந்து: சார், மெயில் ஃபார்மட் அனுப்பவும்.

மேலே இருக்கிறது.

களக்காட்டிலிருந்து: ஃபார்மட் ஒன்று கிடைக்குமா அண்ணாச்சி, எல்லாருக்கும் அனுப்புகிற மாதிரி?

எல்லாருக்கும் அனுப்புகிற மாதிரி ஒன்று கிடையாது. "நீங்கள் சொன்னது" என்ற இடத்தில் எல்லாருக்கும் எதை எழுதுவீர்கள்? அவர் என்ன சொன்னார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள், மெயில் தானாக வரும்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து: என் கமிஷனில் கொஞ்சம் விட்டுத் தருகிறேன் என்று மெயிலில் ஒரு வரி சேர்த்தால் உடனே முடியுமே?

கூடாது. மெயிலிலும் கூடாது, வாயாலும் கூடாது. இன்சூரன்ஸ் சட்டம் 41ஆம் பிரிவு தடுக்கிறது, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நாங்குநேரியிலிருந்து: நான் மனை புரோக்கர். இடத்தைக் காட்டிவிட்டு வந்தபின் என்ன எழுதுவது?

பேசியது, முடிவாகாதது, வேண்டியது என்கிற வரிசை உங்களுக்கும் ஆகும். பட்டா, வில்லங்கம் பற்றியெல்லாம் தெரிந்தவர் யாரையாவது கேளுங்கள், எனக்கு அந்தத் தொழில் தெரியாது.

பாளையங்கோட்டைத் தம்பி: அண்ணாச்சி, பத்து நாள் ஆகிவிட்டதே, இப்போது இந்த மெயிலை அனுப்பலாமா? பழைய மெயிலுக்கே பதிலாகப் போடவா?

புதிதாகப் போடுங்கள், பழையதில் போட்டால் பொருள் வரி "விவரம்" என்றுதான் நிற்கும். "தேரோட்டம் முடிந்து பார்ப்போம் என்றீர்கள்" என்று தொடங்குங்கள். பத்து நாள் ஆகிவிட்டதால் மாத்திரை விவரத்தை நினைவிலிருந்து எழுதாமல், முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஐடி மகனுடையதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.